காலை டெஸ்டோஸ்டெரோன் இரத்தப் பரிசோதனை: எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது?

மதியம் வேலை முடிந்து போனால் இரத்தம் எடுக்க மாட்டார்களா? ஏன் காலையிலேயே வரச் சொல்கிறார்கள்?

மதியம் போனாலும் எடுப்பார்கள். பினாங்கில் எந்தத் தனியார் கிளினிக்கும் பெரும்பாலும் மறுக்காது. சிக்கல் அந்த எண்ணை ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் உறக்கத்தின்போது ஏறி, விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பின்னர் நாள் முழுவதும் மெதுவாக இறங்குகிறது. முப்பதுகளில் இருக்கும் ஆணுக்குக் காலை எட்டு மணிக்கு இருக்கும் அளவு, மாலை நான்கு மணிக்குள் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்துவிடும். எழுபது வயதில் இந்த ஏற்ற இறக்கம் தணிந்து, வேறுபாடு 10 சதவீதம் அளவில் நிற்கும்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் எல்லைகள் காலை மாதிரிகளை வைத்து வகுக்கப்பட்டவை. ஆகவே மாலையில் எடுத்த எண்ணைக் காலை எல்லையோடு ஒப்பிட்டால், நலமாக உள்ளவர்கூடக் குறைபாடு உள்ளவராகத் தெரிவார். வயதானவருக்கு வேறுபாடு சிறியது என்பதால் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சிலர் சொல்வதுண்டு. எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு அந்த 10 சதவீதமே முடிவை மாற்றிவிடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? வெறும் வயிறு என்றால் ஒரு தே தாரிக்கூடக் குடிக்கக் கூடாதா?

காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் இரத்தம் எடுக்கப்பட வேண்டும். பதிவு செய்த நேரம் கணக்கில் வராது. ஊசி குத்திய நேரமே கணக்கு. பத்து மணிக்குப் பதிவு செய்துவிட்டு, வரிசையில் அமர்ந்து பதினொன்றரைக்குக் கை நீட்டுகிறவர்கள் பலர். மாதிரி எடுத்த நேரம் அறிக்கையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஓரத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது.

தே தாரிக் கூடாது. முந்தைய இரவு உணவுக்குப் பிறகு எட்டு முதல் பத்து மணி நேரம் தண்ணீர் மட்டும் அருந்தலாம். உணவு, குறிப்பாகச் சர்க்கரை, டெஸ்டோஸ்டெரோனை விரைவாகக் கீழே இறக்குகிறது. சர்க்கரை நோய்க்கான சோதனையில் கொடுப்பது போல 75 கிராம் குளுக்கோஸ் கரைசலை ஆண்களுக்குக் கொடுத்து அளந்தபோது, சராசரியாக 25 சதவீதம் அளவுக்குக் குறைந்ததும், அந்தக் குறைவு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் நீடித்ததும் காணப்பட்டது. கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் ரொட்டி சானாயும் அதே திசையில்தான் இழுக்கும். தொங்காட் அலி கலந்த காப்பிப் பொட்டலங்களைக் "காப்பி இல்லை, மருந்து" என்று எண்ணிக் காலையில் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் சர்க்கரையும் பால்பொடியும் இருக்கின்றன. அதைக் குடித்த பிறகு அது வெறும் வயிறு அல்ல.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், அன்றைய காலை மருந்தை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வரிசையின் தொடக்கத்தில் இடம் பிடிப்பதும், இரத்தம் எடுத்தவுடன் சாப்பிட உணவைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்குத்தான் வேலை முடியும். அப்படியே போய் இரத்தம் கொடுத்துவிடலாமா?

அது கூடாது. கடிகாரம் காலை எட்டு என்று காட்டினாலும், உங்கள் உடலுக்கு அது பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருந்த நாளின் முடிவு. டெஸ்டோஸ்டெரோனின் ஏற்றம் சூரியனைவிட உறக்கத்தையே அதிகம் பின்பற்றுகிறது. பகலில் உறங்குபவர்களுக்கு அந்த ஏற்றம் பகல் உறக்கத்தோடு வருகிறது. உறங்காமல் வந்தவருக்கு அது வந்திருக்காது.

விடுமுறை நாட்களில் சில இரவுகள் தொடர்ந்து நன்றாக உறங்கிவிட்டு, அதன் பிறகு வரும் காலையில் எடுப்பதே மிகச் சிறந்த வழி. சுழற்சி ஷிப்டில் இருப்பவர்களுக்குப் பகல் ஷிப்ட் வாரத்தின் பிற்பகுதி பொருத்தமானது. நிரந்தரமாக இரவு வேலை செய்பவருக்கு இது இயலாது என்றால், பிரதான உறக்கத்திலிருந்து விழித்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், எதுவும் சாப்பிடாமல் எடுக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு விழிப்பவருக்கு நான்கு மணிதான் காலை. இதை இரத்தம் எடுப்பவரிடமும் மருத்துவரிடமும் சொல்லி, சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அறிக்கையைப் படிப்பவர் அதை மாலை மாதிரி என்று ஒதுக்கிவிடுவார்.

உறக்கத்தின் அளவும் முக்கியம். ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் உறங்கவைத்தபோது, நலமான இளைஞர்களிடம்கூடப் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஆகவே பரிசோதனைக்கு முந்தைய ஒரே ஓர் இரவை மட்டும் சரிசெய்துகொண்டு வந்தால் போதாது.

நோன்பு மாதத்தில் எடுக்கலாமா? எப்படியும் வெறும் வயிறுதானே?

சஹர் உணவை வைகறையில் உண்டவருக்குக் காலை எட்டு மணிக்கு வயிறு வெறுமையாக இருக்காது, உறக்கமும் துண்டுபட்டிருக்கும். அவசரமில்லை என்றால் நோன்புப் பெருநாள் முடிந்து, உறக்கம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு எடுப்பது நல்லது.

எனக்கு வயது 44, எடை அதிகம், சர்க்கரையும் ஆரம்பித்திருக்கிறது. செக்-அப்பில் மதியம் மூன்று மணிக்கு எடுத்தது 8.4 என்று வந்து, பக்கத்தில் L போட்டிருந்தது. டாக்டர் மறுபடி காலையில் இரண்டு முறை எடுத்தார்: 11.6, 10.8. எஸ்எச்பிஜி 15, அல்புமின் 43. இப்போது எனக்குக் குறைபாடு இருக்கிறதா, இல்லையா?

இந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் எண் லிட்டருக்கு 8.4 நானோமோல். அது மதிய உணவுக்குப் பிறகு, நாளின் இறங்குமுகத்தில் எடுக்கப்பட்டது. அடுத்து வந்த இரண்டு காலை எண்களின் சராசரி 11.2. அதிலிருந்து 20 முதல் 25 சதவீதத்தைக் கழித்தால் 8.4 முதல் 9 வரை வருகிறது. அதாவது, உங்களுக்கு எந்த நோயும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த மூன்று மணி எண்ணை நேரமும் உணவுமே ஏறத்தாழ முழுவதுமாக விளக்கிவிடுகின்றன. அந்த L, குறைவு என்று ஆய்வகக் கணினி தானாக இடும் குறி. நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

அடுத்து, 11.6, 10.8 என்ற வேறுபாடு. இதைப் பார்த்து "வாரத்துக்கு வாரம் குறைகிறது" என்று நினைக்க வேண்டாம். பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டு அலைகளாக அனுப்புவதால், டெஸ்டோஸ்டெரோனும் அலையலையாகவே வருகிறது. ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், வெவ்வேறு நாட்களில் 10 சதவீதம் வேறுபடுவது இயல்பு. முதல் மாதிரியில் குறைவாக வந்தவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வரை மறுமுறை இயல்பான அளவைக் காட்டுகிறார்கள். இதனால்தான் வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு காலை மாதிரிகள் இல்லாமல் குறைபாடு என்று பெயர் சூட்டக் கூடாது என்று பல நாட்டு மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டிகள் சொல்கின்றன. உங்கள் மருத்துவர் செய்தது சரியான முறை.

இப்போது 11.2 என்ற சராசரி. ஐரோப்பிய வழிகாட்டிகள் 12-க்குக் கீழ் இருந்தால் மேலும் பார்க்கச் சொல்கின்றன. 8-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டி கொள்கிறது. 8-க்கும் 12-க்கும் இடைப்பட்ட பகுதியில் மொத்த அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள். அந்த இடத்தில்தான் எஸ்எச்பிஜி தேவைப்படுகிறது.

இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டெரோனில் பெரும்பகுதி இரண்டு புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்எச்பிஜி என்பது அதை இறுகப் பிடிக்கும் புரதம். அல்புமின் தளர்வாகப் பிடிக்கும். எதனோடும் ஒட்டாமல் இருப்பது ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் மட்டுமே. அதைத் தனி டெஸ்டோஸ்டெரோன் என்கிறோம். உடல் எடை, இன்சுலின் எதிர்ப்பு, கல்லீரல் கொழுப்பு ஆகியவை எஸ்எச்பிஜி அளவைக் குறைக்கின்றன. பிடிக்கும் புரதம் குறைந்தால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். ஆனால் திசுக்களுக்குக் கிடைக்கும் பகுதி அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் எஸ்எச்பிஜி லிட்டருக்கு 15 நானோமோல். இது தாழ்வான அளவு. மொத்தம் 11.2, எஸ்எச்பிஜி 15, அல்புமின் லிட்டருக்கு 43 கிராம் என்று வெர்மூலன் சூத்திரத்தில் இட்டால், தனி டெஸ்டோஸ்டெரோன் ஏறத்தாழ 0.32 நானோமோல் என்று வருகிறது. கவலைக்குரிய எல்லையாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது 0.22 முதல் 0.225 வரை. நீங்கள் அதற்கு நன்றாக மேலே இருக்கிறீர்கள்.

ஆகவே இந்த எண்களின்படி டெஸ்டோஸ்டெரோன் ஊசியோ களிம்போ தேவைப்படும் குறைபாடு என்று சொல்ல இடமில்லை. சோர்வு இருந்தால் அதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். எச்பிஏ1சி, தைராய்டு, இரத்தச் சோகை, குறட்டையோடு வரும் உறக்க மூச்சுத்தடை ஆகியவற்றை நான் முதலில் பார்ப்பேன். எடை கணிசமாகக் குறைந்தால் எஸ்எச்பிஜி அளவும் மொத்த அளவும் தாமாகவே ஏறுவது வழக்கம்.

என் அப்பாவுக்கு வயது 63, ஒல்லியான உடல், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறார். மொத்த அளவு 13, "நார்மல்" என்று போட்டிருக்கிறது. ஆனால் அறிகுறிகள் எல்லாம் இருக்கின்றன.

முந்தைய கணக்கின் மறுபக்கம் இது. வயது ஏறும்போது எஸ்எச்பிஜி ஏறுகிறது. ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின் போன்ற வலிப்பு மருந்துகளும், கல்லீரல் நோயும், மிகைத் தைராய்டும் அதை மேலும் ஏற்றுகின்றன. அவருடைய எஸ்எச்பிஜி 75 என்று வந்தால், அதே அல்புமின் அளவில், மொத்தம் 13 இருந்தும் தனி அளவு ஏறத்தாழ 0.15 மட்டுமே. 11.2 உள்ளவரிடம் இருப்பதில் அது பாதிக்கும் குறைவு. எஸ்எச்பிஜி பார்க்காமல் "நார்மல்" என்று முடித்துவிட்டால் இவரைத் தவறவிட்டுவிடுவோம். மருத்துவரிடம் எஸ்எச்பிஜி கேளுங்கள்; மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: சில ஆய்வகங்கள் தனி டெஸ்டோஸ்டெரோனைக் கணக்கிடாமல் ஒரு நேரடி இம்யூனோ சோதனையால் அளந்து தருகின்றன. அந்த வகை அளவு நம்பத்தக்கதல்ல. மொத்தம், எஸ்எச்பிஜி, அல்புமின் மூன்றையும் எடுத்துக் கணக்கிடுவதே மேல்.

இணையத்தில் 300 என்கிறார்கள், என் அறிக்கையில் 11 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் வெவ்வேறு அலகுகள். மலேசியாவில் அறிக்கைகள் பொதுவாக nmol/L என்ற அலகில் வருகின்றன. அமெரிக்காவில் ng/dL என்ற அலகு வழக்கம். உங்கள் எண்ணை 28.84-ஆல் பெருக்கினால் அமெரிக்க எண் கிடைக்கும்.

```
nmol/L × 28.84 = ng/dL
11.2 × 28.84 = 323
```

அமெரிக்கச் சிறுநீர்ப்பாதையியல் சங்கம் 2018-இல் எல்லையாக வைத்த 300 என்பது நம் அலகில் 10.4. அதே ஆண்டில் அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் பயன்படுத்திய 264 என்பது 9.2. ஐரோப்பியர்களுக்கு அது 12. இவை ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றினாலும், இயற்கையில் இப்படி ஒரு கோடு கிடையாது என்பதே உண்மை. ஆய்வகத்தின் கருவி மாறினாலும் எண் மாறும், குறிப்பாகத் தாழ்ந்த அளவுகளில். ஆகவே இரண்டாவது மாதிரியை முடிந்தவரை அதே ஆய்வகத்தில் கொடுங்கள். ஜார்ஜ் டவுனில் ஒன்றும் பட்டர்வொர்த்தில் மற்றொன்றும் எடுத்து ஒப்பிட்டால், மாறியது உடலா கருவியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு முறையும் குறைவாகவே வந்தது. உடனே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

அதற்கு முன்பு எல்எச் அளவைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் உள்ளே போன பிறகு எல்எச் அடங்கிவிடும், கோளாறு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கைநழுவிப் போகும்.

டெஸ்டோஸ்டெரோன் குறைந்து எல்எச் உயர்ந்திருந்தால் கோளாறு விந்தகத்தில் இருக்கிறது. டெஸ்டோஸ்டெரோன் குறைந்தும் எல்எச் ஏறாமல் தாழ்ந்தோ இயல்பாகவோ இருந்தால், கட்டளை அனுப்பும் பிட்யூட்டரியையோ அதற்கு மேலுள்ள ஹைப்போதலாமஸையோ பார்க்க வேண்டும். இங்கே எல்எச் "நார்மல்" என்று அச்சாகியிருப்பது ஆறுதல் தரும் செய்தியல்ல. அந்த அளவு டெஸ்டோஸ்டெரோனுக்கு அது ஏறியிருக்க வேண்டும். இந்த இரண்டாம் நிலையில் புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோனும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கப்படும். மொத்த அளவு 5.2-க்கும் கீழே இருந்தாலோ, புரோலாக்டின் தொடர்ந்து உயர்ந்திருந்தாலோ, தலைவலியோ பார்வைக் குறுக்கமோ இருந்தாலோ பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டெரோன் சிகிச்சை விந்தணு உற்பத்தியை அடக்கும். சிலருக்கு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போய்விடும்.

போன மாதம் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது எடுக்கலாமா? முடி கொட்டுவதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து ஆகிய எதுவும் டெஸ்டோஸ்டெரோனைத் தற்காலிகமாக இறக்கும்; உடல் தன் ஆற்றலைச் சேமிக்கும் வழி அது. நன்றாகச் சாப்பிட்டு, உறங்கி, வழக்கமான வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆன பிறகே எடுக்க வேண்டும். உள்நோயாளியாக இருந்தபோது எடுத்த எண்ணை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரைகளும், ஓப்பியாய்டு வகை வலிநிவாரணிகளும் இதே திசையில் வேலை செய்கின்றன. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ அண்மையில் ஸ்டீராய்டு எடுத்தவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முடி மாத்திரையின் சிக்கல் வேறு. அவற்றில் பயோட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் அளவில் இருப்பதுண்டு. அது உடலில் உள்ள ஹார்மோனை மாற்றாது. சில கருவிகள் அளக்கும் முறையைக் குழப்புகிறது. அத்தகைய கருவிகளில் டெஸ்டோஸ்டெரோன் பொய்யாக உயர்ந்தும் எல்எச் பொய்யாகக் குறைந்தும் தெரியலாம். ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொள்பவரின் அறிக்கையும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஜிம்முக்கே போகாத ஒருவரைப் பார்த்து மருத்துவர் சந்தேகத்தோடு கேள்வி கேட்டால், பயோட்டினைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்று நாட்கள் முன்பே நிறுத்திவிட்டு வந்தால் பெரும்பாலும் போதும்.

முந்தைய இரவு தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முடிவை மாற்றும் அளவுக்கு அது பாதிப்பதில்லை. குடியையும் கடுமையான உடற்பயிற்சியையும் முந்தைய நாள் தவிர்த்தால் போதும்.

எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. செக்-அப் பேக்கேஜில் இந்தச் சோதனையும் சேர்ந்தே வருகிறது, எடுத்துக்கொள்ளட்டுமா?

என் கருத்தில் வேண்டாம். விடியற்காலை விறைப்பு நின்றுபோவது, பாலுறவில் நாட்டம் குறைவது, விறைப்புத் தளர்வு ஆகிய மூன்றும்தான் குறைபாட்டோடு நெருக்கமாகச் சேர்ந்துவரும் அறிகுறிகள். சோர்வும் மறதியும் கோலாலம்பூர் நெரிசலில் தினமும் வண்டி ஓட்டுபவர் எவருக்கும் வரும். அறிகுறி இல்லாதவரிடம் எடுத்தால், கிடைக்கும் குறைந்த எண்களில் பெரும்பங்கு நேரத்தாலும் எடையாலும் உறக்கக் குறைவாலும் வந்தவையாக இருக்கும். அதன் பிறகு தேவையில்லாத மறுபரிசோதனைகளும், சில இடங்களில் தேவையில்லாத சிகிச்சையும் தொடரும்.

ஏற்கனவே சிகிச்சையில் இருக்கிறேன். எனக்கும் காலை நேரம்தானா?

சிகிச்சையில் இருப்பவருக்கு மருந்து கொடுத்த நேரமே கணக்கு. களிம்பு பூசுபவர், தொடங்கிக் குறைந்தது ஒரு வாரம் கழித்து, அன்று பூசிய இரண்டு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். களிம்பு பட்ட கையில் ஊசி குத்தினால் தோலில் உள்ள மருந்து மாதிரியில் கலந்து எண் வானளவு ஏறிவிடும். ஆகவே எங்கே பூசினீர்கள் என்பதை இரத்தம் எடுப்பவரிடம் சொல்லி, களிம்பு படாத கையைக் கொடுங்கள். எனாந்தேட் போன்ற குறுகிய கால ஊசிக்கு இரண்டு ஊசிகளின் நடுப்பகுதியில் எடுப்பது வழக்கம். பத்து முதல் பதினான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் அன்டெக்கனோயேட் ஊசிக்கு, அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். அந்த எண் மிகத் தாழ்ந்திருந்தால் இடைவெளியைக் குறைப்பார்கள், உயர்ந்திருந்தால் நீட்டுவார்கள்.